எந்த மாத்திரை கல்லீரலைக் கெடுத்தது? டிபி மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவது பற்றி

கேள்வி: "அம்மாவுக்கு 54 வயது. நுரையீரலில் டிபி. நாலு மருந்து சேர்ந்த மாத்திரையை ஒரு மாதம் சாப்பிட்டதும் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. இனி ஒவ்வொரு மருந்தாக ஆரம்பித்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். எந்த மருந்தால் வந்தது என்று ஒரு டெஸ்ட்டில் கண்டுபிடிக்க முடியாதா? இது அம்மாவை வைத்துச் சோதித்துப் பார்ப்பதாக ஆகாதா?"

அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. செல் அடிபட்டால் அது ரத்தத்தில் கசிகிறது. எவ்வளவு அடி என்பதை அந்த எண் ஓரளவு சொல்லும், அடித்தது யார் என்பதைச் சொல்லாது. கல்லீரலில் ஊசி செலுத்தித் துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் ஐசோனியாசிட் செய்த சேதமும் பைரசினமைடு செய்த சேதமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். மரபணுப் பரிசோதனை ஒன்று உண்டு. ஐசோனியாசிடை உடல் மெதுவாக உடைக்கிறதா, வேகமாக உடைக்கிறதா என்று அதில் தெரியும். மெதுவாக உடைப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனால் நம் பக்கத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த வகைதான். அவர்களில் பெரும்பாலோர் ஒரு தொல்லையும் இல்லாமல் ஆறு மாதச் சிகிச்சையை முடிக்கிறார்கள். அதனால் அந்த முடிவை வைத்து உங்கள் அம்மாவுக்கு வந்தது ஐசோனியாசிடால்தான் என்று சொல்லிவிட முடியாது.

அந்த நாலில் எத்தாம்பியூட்டாலைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அது கண் நரம்பைப் பாதிக்கக்கூடிய மருந்து, கல்லீரலை அநேகமாகத் தொடுவதில்லை. மீதி மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு. இவற்றுள் எது என்பதற்குச் சில தடயங்கள் உண்டு. ரிஃபாம்பிசின் பெரும்பாலும் பித்தம் வடியும் பாதையில்தான் கை வைக்கும். அப்போது மஞ்சள் நிறம் தரும் பிலிரூபினும் பித்தப்பாதை நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸும் ஏறும், எஸ்ஜிபிடி அவ்வளவாக ஏறாது. மற்ற இரண்டும் செல்லையே உடைப்பதால் எஸ்ஜிபிடி நூற்றுக்கணக்கில் போகும். காலமும் ஒரு தடயம். முதல் இரண்டு வாரத்துக்குள் வந்தால் ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் சேர்ந்து செய்ததாக நினைப்போம், ஒரு மாதம் கழிந்து வந்தால் பைரசினமைடு பக்கம் சந்தேகம் சாயும். ஆனால் இவை சந்தேகங்கள் மட்டுமே. ஐசோனியாசிட் இரண்டாம், மூன்றாம் மாதத்திலும் வேலையைக் காட்டும். ஒரு மாதத்தில் வந்தது என்பதை மட்டும் வைத்து உங்கள் அம்மாவின் விஷயத்தில் நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

ஆக, கையில் இருக்கும் வழி ஒன்றுதான். கல்லீரல் ஆறியபின் ஒரு மருந்தைக் கொடுத்து, சில நாள் பொறுத்து, ரத்தம் பார்த்து, பிறகு அடுத்ததைச் சேர்ப்பது. இது அம்மாவை வைத்துச் சோதிப்பதாகாதா என்ற உங்கள் கவலை நியாயமானது. எதற்கு இந்த ஆபத்து, மூன்றையும் ஒதுக்கிவிட்டு வேறு மருந்து கொடுத்தால் என்ன என்று பல வீடுகளில் கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் இரண்டுமே இல்லாமல் டிபியைக் குணமாக்க ஒன்றரை முதல் இரண்டு வருடம்கூட ஆகலாம். அதில் தினசரி ஊசியும் சேரலாம், அந்த ஊசி காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். இரண்டும் இருந்தால் பைரசினமைடு இல்லாமலேயே ஒன்பது மாதத்தில் முடிகிறது. குற்றவாளியைப் பிடிப்பது இரண்டாவது நோக்கம்தான். குற்றமில்லாத நல்ல மருந்துகளை அம்மாவுக்குத் திரும்ப வாங்கித் தருவதுதான் முதல் நோக்கம்.

எப்போது தொடங்குவது என்பதற்கு ஓரளவு தெளிவான கோடு இருக்கிறது. குமட்டலும் வாந்தியும் நின்று பசி திரும்பியிருக்க வேண்டும், பிலிரூபின் இயல்புக்கு வந்திருக்க வேண்டும், எஸ்ஜிபிடி உச்ச வரம்பின் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். லேபில் உச்ச வரம்பு 40 என்றால் 80க்குக் கீழே. இதற்குப் பொதுவாக இரண்டிலிருந்து நாலு வாரம் பிடிக்கும், சிலருக்கு அதற்கும் மேல். உங்களுக்கு மூன்று வாரம் தாமதமாகத் தோன்றுகிறது. ஆனால் எண் 150இல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டால், பிறகு வரும் ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது. பழைய புண் இன்னும் ஆறவில்லையா, புது அடியா என்று யாருக்கும் தெரியாது. கோடு நேரான பின்பு தொடங்கினால்தான் அதில் விழும் மேட்டைப் பார்க்க முடியும்.

இந்த இடைவெளியில் டிபி சும்மா இருக்குமா என்றால், அது ஆளைப் பொறுத்தது. நோய் லேசாக இருந்து ஆள் நடமாட்டமாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் எதுவும் இல்லாமல் காத்திருக்கலாம். சளியில் கிருமி இன்னும் இருந்தாலோ, நோய் கடுமையாக இருந்தாலோ, மூளைக்காய்ச்சல் வகை டிபியாக இருந்தாலோ காத்திருக்க முடியாது. அப்போது கல்லீரலைத் தொடாத எத்தாம்பியூட்டால், லீவோஃப்ளாக்சசின், தேவையானால் ஸ்ட்ரெப்டோமைசின் அல்லது அமிகாசின் ஊசி என்று ஒரு தற்காலிகப் பாலம் போடுவோம். அம்மாவுக்கு இந்தப் பாலம் போட்டிருக்கிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். போடவில்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

எந்த மருந்தை முதலில் தொடங்குவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. அமெரிக்க வழிகாட்டுதலில் ரிஃபாம்பிசின் முதலில், முழு அளவிலேயே. மூன்றிலிருந்து ஏழு நாள் கழித்து ரத்தம் பார்த்து ஐசோனியாசிட். இன்னும் ஒரு வாரம் கழித்து, வேண்டுமானால் பைரசினமைடு. பிரிட்டிஷ் வழியில் ஐசோனியாசிட் முதலில், அதுவும் 50 மில்லிகிராம் என்ற சின்ன அளவில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் 300க்கு ஏற்றி, பிறகு ரிஃபாம்பிசினையும் அதேபோலச் சிறிதிலிருந்து ஏற்றிக்கொண்டு போவது. டெல்லி எய்ம்ஸில் 175 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்து 2010இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு மூன்று மருந்தும் ஒரே நாளில் முழு அளவில், ஒரு குழுவுக்கு அமெரிக்க முறைப்படி, இன்னொரு குழுவுக்குப் பிரிட்டிஷ் முறைப்படி. மொத்தத்தில் 19 பேருக்குத்தான் கல்லீரல் பாதிப்பு திரும்ப வந்தது. மூன்று குழுவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. யாருக்குத் திரும்ப வரும் என்பதை முன்கூட்டிக் காட்டியது ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவாக இருப்பது ஒன்றுதான். அது பெரும்பாலும் சத்துக்குறைவின் அடையாளம். இந்த ஆய்வுக்குப் பிறகும் நாங்கள் ஏன் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறோம்? ஒரே நாளில் மூன்றையும் கொடுத்துப் பத்தில் ஒருவருக்குத் திரும்ப வந்தால், அவருக்கு எது செய்தது என்று தெரியாமலே மறுபடி தொடக்கத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால்தான்.

நான் ரிஃபாம்பிசினில் தொடங்குவேன். சிகிச்சையின் நீளத்தைத் தீர்மானிப்பது அதுதான், செல்லை உடைப்பதில் மூன்றிலும் சாது அதுதான். ஆனால் தனியாகக் கொடுக்க மாட்டேன். ஒரு வாரம் ஒற்றை மருந்தாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும் அபாயம் இருக்கிறது. அதனால் எத்தாம்பியூட்டால் கூடவே ஓடும், சளியில் கிருமி இருந்தால் லீவோஃப்ளாக்சசினும்.

ஒரு நோயாளியின் எண்களைச் சொன்னால் இது தெளிவாகும். தையல் வேலை செய்யும் பெண், நாற்பதுகளின் நடுவில், எடை 56 கிலோ. நாலு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை தினம் நாலு. 31ஆம் நாள் வாந்தியும் மஞ்சள் கண்ணுமாக வந்தார். எஸ்ஜிபிடி 612, பிலிரூபின் 4.1, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.2. அதாவது கல்லீரல் அடிபட்டிருக்கிறது, ஆனால் வேலையை நிறுத்தவில்லை. ஏ, பி, சி, ஈ நான்கு வைரஸுக்கும் பார்த்தோம், ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்தி எத்தாம்பியூட்டாலும் லீவோஃப்ளாக்சசினும் மட்டும் கொடுத்தோம். நிறுத்திய 22ஆம் நாள் எஸ்ஜிபிடி 58, பிலிரூபின் 0.9. சரி, தொடங்கலாம் என்று ரிஃபாம்பிசின் 600 கொடுத்தோம்.

நாலாம் நாள் ரத்தத்தில் பிலிரூபின் 1.8. அந்தக் குடும்பம் பயந்துவிட்டது, உடன் இருந்த இளம் டாக்டரும் மருந்தை நிறுத்திவிடலாம் என்றார். எஸ்ஜிபிடியைப் பார்த்தேன், 52. முந்தையதைவிடக் குறைவு. ரிஃபாம்பிசின் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் அதே வாசலில்தான் பிலிரூபினும் நுழைய வேண்டும். முதல் சில நாள் இரண்டும் முட்டிக்கொள்வதால் பிலிரூபின் வெளியே தேங்கும். செல் எதுவும் உடையவில்லை. பசியும் நன்றாக இருந்தது. தொடர்ந்தோம். ஏழாம் நாள் பிலிரூபின் 1.1, எஸ்ஜிபிடி 47. அன்று நிறுத்தியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு "ரிஃபாம்பிசின் ஆகாது" என்று எழுதியிருப்போம், சிகிச்சை பல மாதம் நீண்டிருக்கும்.

எட்டாம் நாள் ஐசோனியாசிட் 100 சேர்த்தோம், 11ஆம் நாளிலிருந்து 300. 15ஆம் நாள் எஸ்ஜிபிடி 88. இதுதான் இந்த வேலையிலேயே கடினமான இடம். 47இலிருந்து 88, கிட்டத்தட்ட இரட்டிப்பு. குற்றவாளி சிக்கிவிட்டான் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஐசோனியாசிட் தொடங்கும் பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு, கல்லீரல் பாதிப்பே இல்லாதவர்களுக்கும்கூட, எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறி, மருந்தை விடாமல் சாப்பிடும்போதே தானாக இறங்கிவிடும். கல்லீரல் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்கிறது என்று சொல்வோம். பழகுவதற்கும் உடைவதற்கும் முதல் நாள் எண்ணில் வித்தியாசம் தெரியாது, அடுத்த எண்ணில்தான் தெரியும். நிறுத்தச் சொல்லும் கோடு, அறிகுறி இருந்தால் உச்ச வரம்பின் மூன்று மடங்கு, அறிகுறி இல்லாவிட்டால் ஐந்து மடங்கு. திரும்பத் தொடங்கும் காலத்தில் நான் ஐந்து மடங்கு வரை காத்திருப்பதில்லை. இரண்டு மடங்கைத் தாண்டினாலே இரண்டு மூன்று நாளில் திரும்பப் பார்ப்பேன். இந்தப் பெண்ணுக்கு வாந்தி இல்லை, பிலிரூபின் 0.8. 18ஆம் நாள் 71, 22ஆம் நாள் 49. பழகிவிட்டது.

பைரசினமைடைத் திரும்பக் கொடுக்கவில்லை. முதல் பாதிப்பு மஞ்சள் காமாலையோடு வந்தது. இப்படி வந்தவருக்கு ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் ஒத்துக்கொண்ட பிறகு, மூன்றாவதைச் சோதித்துப் பார்ப்பதில் கிடைக்கும் லாபம் மூன்று மாதக் குறைப்பு மட்டுமே. நஷ்டமோ உயிரோடு சம்பந்தப்பட்டது. பைரசினமைடால் வரும் கல்லீரல் சேதம் மற்ற இரண்டையும்விட மோசமாகப் போகக்கூடியது. அதனால் மொத்தம் ஒன்பது மாதம் என்று மாற்றி முடித்தோம். பாதிப்பு லேசாக, எண் மட்டும் ஏறி அறிகுறியே இல்லாமல் வந்தவர்களுக்குச் சிலர் பைரசினமைடைத் திரும்பக் கொடுக்கிறார்கள். அதில் தவறு இல்லை, ஆளைப் பார்த்துச் செய்வது.

இனி, உங்கள் கேள்விக்கு நேரடியாக வரும் விஷயம். இந்தப் பெண்ணுக்கு எந்த மருந்து செய்தது? இரண்டு ஒத்துக்கொண்டன, எனவே மூன்றாவது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சந்தேகத்தை அங்கேதான் வைத்தேன். ஆனால் இது கழித்துப் பார்த்து வந்த முடிவு, கையும் களவுமாகப் பிடித்தது இல்லை. டெல்லி ஆய்வை மறுபடி யோசியுங்கள். 175 பேருக்கும் பைரசினமைடு உட்பட மூன்றையும் திரும்பக் கொடுத்தார்கள், 156 பேருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்த 156 பேருக்கு முதல் முறை எது செய்தது? யாராலும் சொல்ல முடியாது. ஒரு மருந்து இரண்டாம் முறை ஒத்துக்கொண்டது என்பதால் அது முதல் முறையும் குற்றமற்றது என்று ஆகிவிடாது. கல்லீரல் இடையில் பழகியிருக்கலாம், அன்று உடம்பு சத்தில்லாமல் இருந்து இன்று தேறியிருக்கலாம், மூன்றும் சேர்ந்தபோது மட்டும் சுமை கூடியிருக்கலாம். ஐசோனியாசிட் உடையும்போது கல்லீரலுக்கு நஞ்சான பொருள்கள் உண்டாகின்றன, ரிஃபாம்பிசின் அந்தப் பாதையை முடுக்கிவிடுகிறது. தனித்தனியாக இருப்பதைவிட இரண்டும் கூட்டாளியானால் ஆபத்து கூடும். அதனால் ஒவ்வொன்றாகத் தொடங்கும் முறை "இது நிச்சயம் ஒத்துக்கொள்கிறது" என்று உறுதியாகச் சொல்லும். "இதுதான் செய்தது" என்று அதே உறுதியோடு எப்போதும் சொல்லாது.

எப்போது உறுதியாகச் சொல்லும் என்றால், மருந்தைச் சேர்த்ததும் எண் தாவி ஏறி, அதை மட்டும் எடுத்ததும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கினால். அப்படியும் ஒருவரைப் பார்த்தேன். லாரி ஓட்டுபவர், ரிஃபாம்பிசின் ஒரு வாரம் பிரச்சினையின்றிப் போனது, எஸ்ஜிபிடி 40. ஐசோனியாசிட் முழு அளவுக்கு ஏற்றிய மூன்றாம் நாள் குமட்டல், 310. அதை மட்டும் நிறுத்தினோம், ரிஃபாம்பிசினும் எத்தாம்பியூட்டாலும் தொடர்ந்தன. பத்து நாளில் 62. இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டாம். அவருக்கு ஐசோனியாசிட் வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். ஐசோனியாசிட் தனியாகக் கொடுத்திருந்தாலும் ஏறியிருக்குமா, ரிஃபாம்பிசின் கூட இருந்ததால்தான் ஏறியதா என்று பிரிக்க முடியாது. ஆனால் அவருக்கு எப்படியும் ரிஃபாம்பிசின் வேண்டும் என்பதால் அந்தச் சந்தேகம் சிகிச்சையை மாற்றவில்லை.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கிறது: ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற வேண்டும். அது உடைவது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில். முதலாவது, அந்தப் பழைய கூட்டு மாத்திரை. ஒரு மாத்திரைக்குள் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 எல்லாம் ஒன்றாக இருக்கும். அதை உடைத்து ஒரு மருந்தை மட்டும் கொடுக்க வழியில்லை. தனித்தனி மருந்தாகத்தான் வாங்க வேண்டும். பழைய அட்டை வீட்டில் மிச்சம் இருந்து, "டிபி மாத்திரைதானே" என்று யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். மருந்து தரும் இடத்திலேயே வழக்கம்போல் பழைய அட்டையைக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. மிச்ச அட்டைகளை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதிதாகத் தரும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அட்டையில் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, கீழாநெல்லி. மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் கை போவது அங்கேதான், அதில் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் கீழாநெல்லி என்ற பெயரில் வரும் பொடியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாட்டு மருந்துகளில் சில கல்லீரலையே பாதிக்கக்கூடியவை. ரிஃபாம்பிசின் தொடங்கிய அதே வாரத்தில் பொடியும் தொடங்கினால், எண் ஏறும்போது பழி மாத்திரை மேல் விழும், அம்மாவுக்கு நல்ல மருந்து ஒன்று பறிபோகும். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலையும் டாக்டரிடம் சொல்லாமல் போடாதீர்கள். மது என்றால் ஒரு துளியும் கூடாது. கொடுத்தது ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவாரோ என்று சொல்லாமல் விட்டதால் குழம்பிய கேஸ்கள் நிறைய. ஈ வகை மஞ்சள் காமாலை தண்ணீரில் பரவுவது, நம் ஊரில் உண்டு. அதற்கு ரத்தம் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அதுதான் காரணம் என்றால் மூன்று மருந்தும் நிரபராதி.

மூன்றாவது, இடைவெளி. மருந்துகளைச் சேர்ப்பதில் அவசரப்பட்டால் முதல் மருந்தின் தாமதமான விளைவு இரண்டாவதன் கணக்கில் எழுதப்பட்டுவிடும். அம்மாவுக்கு அடுத்த மருந்தைச் சேர்க்கும் நாளில் முந்தைய ரத்த ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். ரிப்போர்ட் நாளைதான் வரும் என்றால் மருந்தும் நாளைக்குத்தான். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் எண் கொஞ்சம் மாறும்.

எல்லோருக்கும் திரும்பத் தொடங்கலாமா என்றால், கூடாத இடம் உண்டு. முதல் பாதிப்பில் நினைவு தடுமாறியிருந்தாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்து முன்னுக்குப்பின் பேசியிருந்தாலோ, ஐஎன்ஆர் 1.5ஐத் தாண்டியிருந்தாலோ அது கல்லீரல் செயலிழக்கத் தொடங்கிய நிலை. அவர்களுக்குப் பைரசினமைடு என்ற பேச்சே இல்லை. மற்றவற்றையும் கல்லீரல் நிபுணர் உடனிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் யோசிக்க வேண்டும். ரிஃபாம்பிசினுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. அதைச் சில வாரம் நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போது அபூர்வமாகச் சிலருக்கு உடல் அதை எதிரியாகப் பாவிக்கும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் குளிர் ஜுரம், தோலில் ஊதாப் புள்ளிகள், ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது என்று ஏதாவது வந்தால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இதனால் திடீரெனக் குறைந்தவருக்கு ரிஃபாம்பிசின் மறுபடி ஒருபோதும் கூடாது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது இதில் சேராது, அது அந்த மருந்தின் நிறம்தான். மஞ்சள் காமாலை திரும்பிவிட்டதோ என்று அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்.

முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைரசினமைடு மட்டும் விடுபட்டால் மொத்தம் ஒன்பது மாதம். ஐசோனியாசிட் ஆகாது என்றால் ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால், பைரசினமைடு ஆறு முதல் ஒன்பது மாதம், பெரும்பாலும் லீவோஃப்ளாக்சசினும் சேரும். ரிஃபாம்பிசின் ஆகாது என்றால் பொதுவாக ஒரு வருடத்துக்குக் குறையாது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பைரசினமைடை விட்டுவிட்டால் சுமை முழுவதும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டின் தோளில். அம்மாவின் கிருமி ஐசோனியாசிடுக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி பெற்றதாக இருந்தால், கல்லீரல் ஒத்துக்கொண்டாலும் அந்த மருந்து அங்கே வேலை செய்யாது. தொடக்கத்தில் சளியில் செய்யும் விரைவுப் பரிசோதனை பல இடங்களில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டுமே காட்டும். ஐசோனியாசிடுக்குத் தனியாக இன்னொரு பரிசோதனை அனுப்பியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டு, பைரசினமைடை விடுவது என்று முடிவெடுக்கும் முன் அதை டாக்டர் பார்க்கும்படி செய்யுங்கள்.

அம்மாவின் கோப்பையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் பார்க்காமல் இதைத் தாண்டி என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒரு வேலையை மட்டும் உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் தேதி, அன்று தொடங்கிய மருந்து, அளவு, எஸ்ஜிபிடி, பிலிரூபின், அன்று வாந்தியோ பசியின்மையோ இருந்ததா என்று வரிசையாக எழுதி வாருங்கள். எல்லாம் முடிந்தபின் டாக்டரிடம் அதன் கடைசிப் பக்கத்தில் மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள்: எந்தெந்த மருந்து திரும்பக் கொடுத்து ஒத்துக்கொண்டது, எது கொடுத்ததும் ஏறியது, எது திரும்பக் கொடுக்கவே இல்லை. கடைசி வகையில் உள்ளதை "ஒவ்வாமை" என்று எழுத விடாதீர்கள், "சந்தேகம், மறுபடி சோதிக்கவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அம்மாவுக்கு ஏதோ ஒரு காரணத்துக்காக இந்த மருந்துகள் திரும்பத் தேவைப்பட்டால், அன்று அவரைப் பார்க்கும் டாக்டருக்கு அந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் தேவைப்படும்.